81 நாளில் 5 வினாடி: ஹாரிசனின் எச்-4 கடிகாரம் கடலில் தேறிய கதை

1761 டிசம்பரில் டெப்ட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் மடீரா தீவில் நின்று சரக்கு ஏற்ற வேண்டும். அதில் அவசரமும் இருந்தது. கப்பலில் இருந்த பீர் கெட்டுப்போய் கடலில் கொட்டப்பட்டிருந்தது. மாலுமிகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மடீராவின் திராட்சை மதுவுக்காகக் காத்திருந்தார்கள். தீவைத் தவறவிட்டுவிட்டால் எதிர்க்காற்றில் திரும்பி வருவது பெரும் பாடு.

கப்பல்காரர்கள் வழக்கம்போல வேகத்தையும் திசையையும் நாள்தோறும் கூட்டிக்கூட்டிக் கணக்குப் போட்டதில், போர்ட்ஸ்மத்துக்கு மேற்கே 13 பாகை 50 கலையில் இருப்பதாக வந்தது. 60 கலை சேர்ந்தால் ஒரு பாகை. வில்லியம் ஹாரிசன் என்ற பயணி அதை மறுத்தார். அவர் தன் அப்பா ஜான் ஹாரிசன் செய்த எச்-4 என்ற கடிகாரத்தைக் காவல் காத்துக்கொண்டு வந்தவர். கடிகாரத்தின்படி 15 பாகை 19 கலை. வித்தியாசம் ஒன்றரைப் பாகை. அந்த அட்சரேகையில் சுமார் 75 கடல் மைல். இதே திசையில் போனால் நாளைக்கே தீவு தெரியும் என்றார் வில்லியம். கேப்டன் டட்லி டிக்ஸ் நம்பவில்லை, ஒன்றுக்கு ஐந்து என்று பந்தயம் கட்டத் தயாராக இருந்தாராம். ஆனாலும் திசையை மாற்றாமல் விட்டார். மறுநாள் காலை மடீராவுக்குப் பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோ கண்ணில் பட்டது. அடுத்த கடிகாரம் விற்பனைக்கு வரும்போது முதல் ஆளாகத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார் டிக்ஸ்.

இந்த ஒரு பயணத்தையும், அந்த ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைப் பார்க்கலாம். கப்பல் ஆட்டத்தில் எல்லாக் கடிகாரமும் கெட்டுப்போன காலத்தில் இது மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? இவ்வளவு துல்லியமாக ஓடியும், பரிசு கொடுக்க வேண்டியவர்கள் ஏன் தயங்கினார்கள்? முதல் கேள்விக்கான பதில் பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவதில், அந்தத் தயக்கக்காரர்கள் பக்கம் கதைகளில் சொல்லப்படுவதைவிட நியாயம் அதிகம் என்பது என் எண்ணம்.

கணக்கு எளிதானது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கடல் நடுவே சூரியனின் உயரத்தை அளந்து உள்ளூர் நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதே நொடியில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், இரண்டு நேரங்களின் வித்தியாசமே தீர்க்கரேகை வித்தியாசம். அட்சரேகைக்கு துருவ நட்சத்திரமோ நண்பகல் சூரியனோ போதும், ஊர் நேரம் தேவையில்லை. தீர்க்கரேகைக்கு அந்தச் சலுகை கிடையாது. வானத்தில் பூமத்திய ரேகைக்கு நிகரான ஓர் அடையாளம் உண்டு. லண்டனுக்கோ லிஸ்பனுக்கோ அப்படி எதுவும் இல்லை.

இதன் விலை என்ன என்பது 1707 அக்டோபரில் தெரிந்தது. அட்மிரல் கிளௌட்ஸ்லி ஷோவலின் கப்பற்படை தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஏழு வருஷம் கழித்து, 1714இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மேற்கிந்தியத் தீவுகள் வரை ஒரு பயணம் போய் அரைப் பாகைக்குள் தீர்க்கரேகையைச் சொல்லும் வழி கண்டால் 20,000 பவுன், மூன்றில் இரண்டு பாகைக்குள் என்றால் 15,000, ஒரு பாகைக்குள் என்றால் 10,000.

அரைப் பாகை என்றால் 2 நிமிட நேரம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 3 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. அன்றைய நல்ல பாக்கெட் கடிகாரமே ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் தவறினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாடாளுமன்றக் குழுவிடம் ஐசக் நியூட்டன் கொடுத்த கருத்தில், கடிகாரத்தை ஒரு வழியாகக் குறிப்பிட்டுவிட்டு, கப்பல் ஆட்டம், வெப்பம், குளிர், ஈரம், வறட்சி, இடத்துக்கு இடம் மாறும் புவியீர்ப்பு இவற்றால் அப்படியொரு கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்றார். அவர் அடுக்கிய தடைகள் சரியானவை.

ஜான் ஹாரிசன் தச்சர். 1693இல் யார்க்‌ஷயரில் பிறந்து, ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள பாரோ கிராமத்தில் வளர்ந்தவர். கடிகாரம் செய்ய யாரிடமும் முறையாகப் பயின்றதில்லை. மரச் சக்கரங்களை வைத்தே செய்தார். எண்ணெய் கசியும் லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தைத் தாங்கிகளுக்குப் போட்டு, எண்ணெயே விடத் தேவையில்லாத கோபுரக் கடிகாரம் ஒன்றை பிராக்ல்ஸ்பி பார்க்கில் நிறுவினார். அது இன்றும் ஓடுகிறது. 1720களின் கடைசியில் அவர் செய்த ஊசல் கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு வினாடிதான் பிசகும் என்று அவர் சொல்லிக்கொண்டார். தரையில்.

கடலில் ஊசல் உதவாது. ஊசலை ஆட்டுவது புவியீர்ப்பு. கப்பல் அலை மேல் ஏறும்போது ஊசல் கனக்கிறது, இறங்கும்போது லேசாகிறது, பக்கவாட்டில் சாயும்போது எந்தப் பக்கம் கீழ் என்பதே மாறிவிடுகிறது. அதனால் ஹாரிசன் ஊசலுக்குப் பதில் ஸ்பிரிங்கால் திரும்ப இழுக்கப்படும் கட்டைகளைப் போட்டார். 1735இல் முடிந்த அவருடைய முதல் கடல் கடிகாரமான எச்-1இல், இரண்டு முனையிலும் குண்டு வைத்த இரண்டு நீளக் கட்டைகள், ஒன்றோடொன்று இணைந்து எதிரெதிராக ஆடும். கப்பல் சாய்ந்து ஒன்றை வேகப்படுத்தினால் மற்றதை அதே அளவுக்கு மெதுவாக்கும், இரண்டும் கழிந்துபோகும். எடை 34 கிலோ.

1736இல் அதை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது கரையைக் கண்டதும் கப்பல் மாஸ்டர் அதை ஸ்டார்ட் முனை என்றார், ஹாரிசன் இல்லை, லிசார்ட் முனை என்றார். லிசார்ட்தான். கப்பலின் கணக்கு சுமார் 60 மைல் பிசகியிருந்தது. மாஸ்டரே அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். பரிசை முடிவு செய்யச் சட்டம் அமைத்த தீர்க்கரேகை வாரியம் 1737இல் முதல் முறையாகக் கூடியபோது, மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு பயணம் கேட்டு வாதாடியிருந்தால் ஹாரிசனுக்கு அது கிடைத்திருக்கலாம். அவரோ தன் கடிகாரத்தின் குறைகளைத் தானே பட்டியலிட்டு, இதைவிட நல்லதாக ஒன்று செய்து தருகிறேன், 500 பவுன் கொடுங்கள் என்றார். வாரியத்தில் வேறு யாரும் அவரைவிடக் கடுமையாக அந்தக் கடிகாரத்தைக் குறை சொல்லவில்லை.

எச்-2 முடிந்ததும் ஒரு புதுக் குறை தெரிந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்ததெல்லாம் இதிலிருந்து பிறந்தது. இரண்டு கட்டைகளையும் இணைத்தது ஒரே ஒரு வகைத் தொந்தரவுக்குத்தான் மருந்து: ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளும் தொந்தரவுக்கு. கப்பல் காற்றுக்கு ஏற்பத் திசை திரும்பும்போது நிகழ்வது வேறு. சுழற்சியில் கட்டையின் இரண்டு குண்டுகளும் வெளியே எறியப்படப் பார்க்கும். அந்த விசை கட்டையைக் கிடைமட்டத்தை நோக்கிப் புரட்டும். இரண்டு கட்டைக்கும் ஒரே மாதிரி விளைவு, ஆகவே ஒன்று மற்றதைக் கழிக்காது. ஸ்பிரிங்கின் இழுப்போடு இன்னொரு இழுப்பு சேர்ந்த மாதிரி ஆகி, ஆட்டத்தின் நேரம் மாறிவிடும். கட்டைக்குப் பதில் முழு வட்டச் சக்கரம் இருந்தால் எல்லாப் பக்கமும் சமம், புரட்ட இடமில்லை. எச்-2 கடலுக்கே போகவில்லை. எச்-3இல் ஹாரிசன் வட்டச் சக்கரங்களுக்கு மாறினார்.

எச்-3க்கு 19 வருஷம் ஆனது. 753 பாகங்கள். இதற்காக அவர் கண்டுபிடித்த இரண்டு சாமான்கள் இன்றும் நம் வீட்டில் இருக்கின்றன: இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி வெப்பத்துக்கு வளையச் செய்த இரட்டை உலோகப் பட்டை (இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் பார்க்கலாம்), கூண்டுக்குள் அடைத்த உருளைத் தாங்கி. ஆனால் கடிகாரமாக எச்-3 அவருக்குத் திருப்தி தரவில்லை. பெரிய சக்கரங்கள் மெதுவாக ஆடின. கூட ஆடினாலும் குறைய ஆடினாலும் ஒரே நேரம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த ஸ்பிரிங்குகள் நிறைவேற்றவில்லை.

திருப்பம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. 1753இல் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற லண்டன் கடிகாரக்காரர் ஹாரிசனின் யோசனைப்படி அவருக்கு ஒரு பாக்கெட் கடிகாரம் செய்து கொடுத்தார். ஹாரிசன் இதைச் சொந்த உபயோகத்துக்கு, பெரிய கடிகாரங்களைச் சரிபார்க்கக் கேட்டு வாங்கினார். அது எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. இருபது வருஷமாக அவர் பாக்கெட் கடிகாரத்தை ஏளனமாகப் பார்த்தவர். அப்போதுதான் யோசித்தார்: பிரச்சினை சின்ன கடிகாரத்தில் இல்லை, அதன் சக்கரம் பஞ்சு மாதிரி லேசாக, சின்ன வீச்சில் ஆடுவதில் இருக்கிறது.

அலையின் ஆட்டமும் கடிகாரச் சக்கரத்தின் ஆட்டமும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்பதுதான் விஷயம். பாய்மரக் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர எட்டு, பத்து வினாடி எடுக்கும். கடிகாரச் சக்கரமும் மெதுவாக ஆடினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் வீச்சு ஏறுவது போல, அலை கடிகாரத்தைத் தள்ளிவிட ஆரம்பிக்கும். எச்-4இன் சக்கரமோ வினாடிக்கு ஐந்து தட்டு தட்டியது; ஒரு முழு ஆட்டத்துக்கு 0.4 வினாடி. பத்து வினாடி சாய்வுக்குள் 25 ஆட்டம் முடிந்துவிடும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கப்பல் அசைந்ததாகவே சக்கரத்துக்குத் தெரியாது. சாய்வின் ஏறுமுகத்தில் கொஞ்சம் முந்தினால் இறங்குமுகத்தில் அதே அளவு பிந்தும், நிகரம் பூஜ்யம்.

வேகம் மட்டும் என்றால் சாதாரண பாக்கெட் கடிகாரமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தட்டியது. எச்-4இன் வித்தியாசம் சக்தியில். அதன் பேலன்ஸ் சக்கரம் சுமார் 5.6 செ.மீ. விட்டம், அன்றைய கடிகாரச் சக்கரங்களைவிடப் பெரியது. கனமும் அதிகம், வீச்சும் அதிகம். ஆடும் சக்கரத்திலுள்ள சக்தி, வேகத்தின் வர்க்கத்துக்கும் வீச்சின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறும். சக்கரத்தை ஆடவைத்துக்கொண்டிருக்கும் எஸ்கேப்மென்ட் என்ற பாகம் ஒவ்வொரு தட்டிலும் கொடுக்கும் சின்ன உந்தலும், தூசியும், பிசுக்கும், கப்பலின் குலுக்கலும் அந்தச் சேமிப்போடு ஒப்பிட்டால் அற்பம். இதைத்தான் அலையைக் கவனிக்காத கடிகாரம் என்று சொல்லலாம். அலையோடு சண்டை போட எச்-1இல் இருந்த மாதிரி எந்த இயந்திரமும் எச்-4இல் இல்லை.

மீதி எல்லாம் அந்தச் சக்கரத்தைச் சீராக வைத்திருப்பதற்கான வேலை. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும்போது ஒரு விசை, தளரும்போது வேறு விசை. அது எஸ்கேப்மென்ட்டை நேரடியாகத் தொடாமல் இருக்க, நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங். மெயின் ஸ்பிரிங் அதை ஏழரை வினாடிக்கு ஒரு முறை இறுக்கும். எஸ்கேப்மென்ட்டுக்குக் கிடைப்பதெல்லாம் இந்தச் சின்ன ஸ்பிரிங்கின் சக்திதான். சாவி கொடுக்கும்போதும் ஓட்டம் நிற்காமல் இருக்க இன்னொரு ஸ்பிரிங். உராயும் நுனிகளில் வைரம், தாங்கிகளில் மாணிக்கக் கல். மரக் கடிகாரத்தில் எண்ணெயே வேண்டாம் என்றவர் இங்கே எண்ணெய்க்கு ஒத்துக்கொண்டார். இத்தனை சின்ன பாகங்களில் வேறு வழியில்லை.

வெப்பம்தான் பெரிய எதிரி. சக்கரத்தைத் திரும்ப இழுக்கும் எஃகு ஹேர் ஸ்பிரிங் சூட்டில் இளகும். ஈடு செய்யாத கடிகாரம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாளைக்குச் சுமார் 10 வினாடி பிந்தும். இங்கிலாந்தின் நவம்பரிலிருந்து ஜமைக்காவின் வெயிலுக்குப் போகும் பயணத்தில் அது நிமிடக் கணக்கு. எச்-4இல் பித்தளையும் எஃகும் சேர்ந்த பட்டை ஒன்று சூட்டில் வளைந்து, ஹேர் ஸ்பிரிங்கின் ஆடும் நீளத்தைக் குறுக்கிவிடும். இளகியதால் வரும் பிந்தல், குறுகியதால் வரும் முந்தலோடு கழியும். முழுக்கக் கழியாது, எந்த வெப்பத்தில் எவ்வளவு மிச்சம் என்பது கடிகாரத்துக்குக் கடிகாரம் வேறுபடும்.

1759இல் முடிந்த கடிகாரம் 13 செ.மீ. விட்டம், 1.45 கிலோ. தட்டையாகப் பெட்டியில் மெத்தை மேல் படுக்கவைத்தார்கள். படுக்கவைப்பதற்கும் காரணம் உண்டு. சமன் செய்த வட்டச் சக்கரத்தை மேலும் கீழும் குலுக்கினால் சுழற்சி மாறாது. சக்கரத்தின் அச்சைச் சுற்றித் திருப்பினால்தான் தொந்தரவு. படுத்த நிலையில் அந்த அச்சு செங்குத்து. கப்பல் பக்கவாட்டில் சாய்வதும் மூக்கைத் தூக்கி இறக்குவதும் அந்த அச்சைச் சுற்றி நடப்பதில்லை.

இனி சோதனை. 1761 நவம்பர் 6 அன்று போர்ட்ஸ்மத்தில் கடிகாரத்தை வானியல் நேரத்தோடு ஒப்பிட்டார்கள். 18ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. பெட்டிக்கு நான்கு பூட்டு. சாவிகள் வில்லியம், கேப்டன், ஓர் அதிகாரி, ஜமைக்காவுக்குப் பதவியேற்கப் போய்க்கொண்டிருந்த கவர்னர் லிட்டில்டன் ஆகிய நால்வரிடம். தினம் சாவி கொடுக்க நான்கு பேரும் வர வேண்டும். ஹாரிசன் முதியவராகிவிட்டதால் மகன்தான் போனார். ஜனவரி 19 அன்று போர்ட் ராயலில் இறங்கினார்கள். ஜனவரி 26 அன்று, 81 நாள் கழித்து, உள்ளூர் நேரத்தை வானத்தில் அளந்து கடிகாரத்தோடு ஒப்பிட்டார்கள். கிடைத்த பிழை 5.1 வினாடி. ஒன்றேகால் கலை, ஜமைக்காவின் அட்சரேகையில் சுமார் ஒரு கடல் மைல்.

ஆனால் கடிகாரத்தின் முள் 5.1 வினாடி பிந்தியிருந்தது என்று நினைத்தால் தவறு. முள் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் பிந்தியிருந்தது. இது நாளைக்கு 2⅔ வினாடி பிந்தும் கடிகாரம் என்று ஹாரிசன் தரப்பு சொன்னது. 81 நாளுக்கு அது 216 வினாடி, 3 நிமிடம் 36 வினாடி. அதைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் 5.1.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கடற்கடிகாரம் சரியாக ஓட வேண்டிய அவசியமே இல்லை. தினமும் ஒரே அளவு தவறாக ஓடினால் போதும். இன்று வரை மாலுமிகள் கடிகாரத்தை நேரத்துக்குத் திருத்துவதில்லை, அதன் நாள் வித்தியாசத்தைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், இந்த 2⅔ வினாடியைப் பயணத்துக்கு முன்பே எழுதி வாரியத்திடம் கொடுக்கவில்லை. கழிக்காமல் பார்த்தால் பிழை 54 கலைக்கு மேல்: ஒரு பாகைக்குள் வரும், அரைப் பாகைக்குள் வராது. 20,000 பவுனும் 10,000 பவுனும் அந்த ஒரு எண்ணைப் பொறுத்து இருந்தன. பயணம் முடிந்தபின் சொல்லும் எண்ணை யார்தான் கேள்வியின்றி ஏற்பார்கள்? இன்னொன்று, ஜமைக்காவின் உண்மையான தீர்க்கரேகையே அப்போது 5 வினாடி அளவு துல்லியமாகத் தெரியாது. அளவுகோலைவிட அளக்கப்பட்டது துல்லியமாக இருந்தால், வெற்றியைத் தற்செயலிலிருந்து பிரித்துக்காட்ட முடியாது. வாரியம் இன்னொரு சோதனை கேட்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அந்த இரண்டாவது சோதனைதான் உண்மையில் வழக்கை முடித்தது. புகழ் முதலாவதுக்குப் போய்விட்டது. 1764 மார்ச் 28 அன்று டார்ட்டர் கப்பல் பார்படோஸுக்குப் புறப்பட்டது. இம்முறை நாளைக்குச் சராசரி ஒரு வினாடி முந்தும் என்று வில்லியம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார், வெப்பத்துக்கு வெப்பம் எப்படி மாறும் என்பதையும் சேர்த்து. பார்படோஸில் வானியலாளர்கள் நெவில் மாஸ்கெலைனும் சார்லஸ் கிரீனும் வியாழன் கோளின் நிலாக்கள் மறைவதைப் பார்த்து அந்த இடத்தின் தீர்க்கரேகையைத் தனியாக அளந்து வைத்திருந்தார்கள். மே 13 அன்று கப்பல் வந்தது. கடிகாரத்தின் பிழை 47 நாளில் சுமார் 39 வினாடி, பத்துக் கடல் மைலுக்குள். ஜமைக்கா கணக்கைவிட எட்டு மடங்கு மோசமான எண். ஆனால் முன்கூட்டிச் சொன்ன வித்தியாசத்தை வைத்து வந்த எண். பெரிய பரிசுக்குக் கேட்டதைவிட மூன்று மடங்கு நல்லது. இதில் சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை.

ஆனாலும் பணம் முழுதாக வரவில்லை. சட்டம் சொன்னது ஒரு வழியை, கடலில் எல்லாரும் உபயோகிக்கக்கூடிய வழியை. ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு கடிகாரம் செய்திருக்கிறார், வேறு யாராலும் செய்ய முடியுமா? 1765இல் வந்த புதுச் சட்டம், கடிகாரத்தைப் பிரித்துக் காட்டினால் பாதிப் பரிசு, வேறு கடிகாரங்கள் செய்து நிரூபித்தால் மீதி என்றது. அந்த ஆகஸ்டில் லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில் தன் வீட்டில் ஹாரிசன் ஒரு குழுவின் முன் எச்-4ஐக் கழற்றி விளக்கினார். பிறகு கடிகாரம் வாரியத்துக்குப் போனது.

இதற்குள் மாஸ்கெலைன் அரச வானியலாளர் ஆகியிருந்தார். நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து தீர்க்கரேகை காணும் முறையை ஆதரித்தவர். அவரையே நடுவராக வைத்தது வாரியத்தின் தவறு. அவர் 1766 மே முதல் பத்து மாதம் கிரீனிச்சில் எச்-4ஐச் சோதித்தார். நாளைக்கு 20 வினாடி வரை முந்தியது. ஆறு வாரப் பயணத்தில் ஒரு பாகைக்குள் நிற்கும் என்று நம்ப முடியாது என்று எழுதினார். கழற்றி மாட்டிய கடிகாரத்தைத் திரும்பச் சீர்செய்யாமலே சோதித்தார்கள் என்பது ஹாரிசனின் புகார். அது உண்மைதான். பிரித்துச் சேர்த்த கடிகாரத்துக்குப் புதிதாக நாள் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும்.

வழக்கை அவிழ்த்தது நகல்கள்தான். லார்கம் கெண்டல் என்ற லண்டன் கடிகாரக்காரர் எச்-4ஐ அச்சு அசலாக நகலெடுத்து 1769இல் முடித்தார். கூலி 450 பவுன். கே-1 என்று பெயர் வாங்கிய அதை ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது பயணத்தில், 1772 முதல் 1775 வரை, ரெசல்யூஷன் கப்பலில் கொண்டுபோனார். வெப்பமண்டலத்திலிருந்து அண்டார்டிக் பனி வரை போன அந்தப் பயணத்தில் கே-1இன் நாள் வித்தியாசம் 8 வினாடியைத் தாண்டவில்லை. கூடவே போன ஜான் ஆர்னால்டின் மூன்று கடிகாரங்களும் தேறவில்லை. சந்தேகத்தோடு கிளம்பிய குக், திரும்பியபோது கடிகாரத்தின் பக்கம் இருந்தார். ஹாரிசனே எச்-5 என்று இன்னொன்றைச் செய்தார். 1772இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே தன் வானியல் நிலையத்தில் அதைச் சோதித்தார். ஆரம்பத்தில் கண்டபடி ஓடியது. அறையில் பக்கத்து அலமாரியில் காந்தக் கற்கள் வைத்திருந்தது தெரியவந்தது. எஃகு ஸ்பிரிங்கை அது கெடுத்திருக்கிறது. எடுத்த பிறகு நாளைக்கு மூன்றில் ஒரு வினாடிக்குள் நின்றது. 1773இல் நாடாளுமன்றம் ஹாரிசனுக்கு 8,750 பவுன் கொடுத்தது. அது நாடாளுமன்றம் கொடுத்தது, வாரியத்தின் பரிசு இல்லை. மூன்று வருஷத்தில் அவர் இறந்துபோனார்.

எச்-4இன் உட்புறத்தை யாரும் அப்படியே பின்பற்றவில்லை. கெண்டலே இதை விலை குறைத்துச் செய்ய முயன்றபோது தரம் இறங்கியது. ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் வேறு எஸ்கேப்மென்ட்டைப் போட்டார்கள். வெப்ப ஈட்டை ஸ்பிரிங்கிலிருந்து சக்கரத்துக்கே மாற்றினார்கள். விலை 60, 80 பவுனுக்கு இறங்கியது. ஹாரிசனிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது வேகமாக ஆடும், சக்தி மிகுந்த சக்கரம்.

கடிகாரம் வந்த பின்னும் ஒரு கேள்வி நின்றது: கடல் நடுவில் கடிகாரம் தவறினால் எப்படித் தெரியும்? ஒன்று இருந்தால் தெரியாது. இரண்டு இருந்தால் ஒன்று தவறு என்று தெரியும், எது என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு சேர்ந்து மூன்றாவதைக் காட்டிக்கொடுக்கும். 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 கடிகாரங்கள் இருந்தன. மற்றபடி, தீர்க்கரேகை தெரிந்த துறைமுகத்தில் இறங்கி நேரத்தைச் சரிபார்த்து நாள் வித்தியாசத்தைப் புதிதாக எழுத வேண்டும். அந்தத் துறைமுகத்தின் தீர்க்கரேகை சரியாக இருந்தால்தான் அது பலிக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்திய கம்பெனி கட்டிய வானியல் நிலையத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கே ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலாக்களை வைத்துக் கண்ட சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 18½ கலை. உண்மையில் அது 80 பாகை 15 கலைக்கும் சற்றுக் குறைவு. நேரத்தில் அந்த வித்தியாசம் சுமார் 15 வினாடி, ஜமைக்காவில் எச்-4 காட்டிய பிழையைப் போல மூன்று மடங்கு. தந்திக் கம்பி வழியே நேரத்தை அனுப்பி அதைத் திருத்த 1870கள் வரை ஆனது.